கறுத்த முடி, வெளிர் சுவர், இருண்ட போஸ்டர்: முடி விளிம்பை எந்த வழியில் வெட்டுவது?

தோள், சட்டை, கை எல்லாம் எந்தக் கருவியில் வெட்டினாலும் ஒழுங்காக வந்துவிடும். போஸ்டரில் ஒரு படம் 'ஒட்டவைத்தது' போலத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் முடிதான். தலையைச் சுற்றி மெல்லிய வெளிர்க்கோடு ஓடும். இல்லையென்றால் முடி முழுக்கத் தொப்பி மாதிரி வழவழப்பாக ஆகிவிடும். இதைத் தவிர்க்க நான்கைந்து வழிகள் உண்டு. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. படம் எடுத்த இடத்தின் பின்னணி என்ன, போஸ்டரின் பின்னணி என்ன, இவை இரண்டின் நிறத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. இங்கே ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறேன்: கறுத்த, அலை அலையான முடி, வெளிர் சுவருக்கு முன்னால் எடுத்த படம், கருநீலப் போஸ்டர். அடிக்கடி வருவதும் இதுதான், அதிகம் சொதப்புவதும் இதுதான்.

ஒரு பிக்சலுக்குள் என்ன இருக்கிறது

ஒரு முடியிழையின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒருவரைத் தலை முதல் கால் வரை நிமிர்த்தி எடுத்தால், 6000 பிக்சல் உயரத்துக்குள் சுமார் 170 செ.மீ. அடங்குகிறது. அதாவது ஒரு பிக்சல் என்பது கிட்டத்தட்ட 0.28 மில்லிமீட்டர். ஆக, தனியாகப் பறக்கும் ஒரு முடியிழை ஒரு பிக்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. மீதி முழுக்கச் சுவர்தான்.

```
C = a × F + (1 − a) × B
```

இதில் C என்பது படத்தில் நமக்குக் கிடைக்கும் நிறம், F முடியின் சொந்த நிறம், B சுவரின் நிறம், a அந்தப் பிக்சலில் முடி பிடித்திருக்கும் பங்கு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவுகோலில் முடியின் அளவு 30, சுவரின் அளவு 220, பங்கு 0.3 என்று வைத்துக்கொள்வோம். விளிம்புப் பிக்சல் 163 என்று வரும். கறுப்பு முடி என்று நாம் நினைக்கும் இடத்தில் படத்தில் இருப்பது வெளிர் சாம்பல். (ஒளியின் உண்மையான கணக்கு இதைவிடக் கொஞ்சம் வளைந்தது, ஆனால் போக்கு இதுவே.)

படத்தில் எது எவ்வளவு தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்வதுதான் மாஸ்க். அது செய்கிற வேலை a-வைக் கண்டுபிடிப்பது மட்டும்தான். அது எவ்வளவு துல்லியமாக 0.3 என்று சொன்னாலும், அந்த இடத்தில் இருக்கும் நிறம் 163-ஆகவே நிற்கும். இதை 40 அளவுள்ள கருநீலத்தின் மேல் வைத்தால் கிடைப்பது 77. வர வேண்டியது 37. சுற்றிலும் 40 இருக்க நடுவில் 77 ஓடுகிறது என்பதுதான் கண்ணுக்கு வெளிர்க்கோடாகத் தெரிகிறது. அதே படத்தை 210 அளவுள்ள வெளிர் மஞ்சள் போஸ்டரில் வைத்தால் 196 வரும். வர வேண்டியது 156. இழை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணில் எதுவும் உறுத்தாது.

அதனால்தான் வெட்டியெடுத்த ஒரே படம் வெளிர் போஸ்டரில் அழகாகவும் இருண்ட போஸ்டரில் மோசமாகவும் இருக்கிறது. அந்த நேரத்தில் 'மாஸ்க் சரியில்லை' என்று நினைத்து விளிம்பை உள்ளே இழுப்பார்கள். கோடு போய்விடும், கூடவே பறக்கும் முடியும் போய்விடும். பழுது மாஸ்க்கில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன்: பங்கைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா? சுவரின் நிறத்தைக் கழிக்கிறதா?

ஒரே கிளிக்கில் நீக்கும் கருவிகள்

இணையத்தில் இருக்கும் பின்னணி நீக்கிகளும் ஃபோட்டோஷாப்பின் `Remove Background` பொத்தானும் இந்த வகை. உடம்பின் கோட்டைப் பிடிப்பதில் இவை இப்போது மிகவும் தேறிவிட்டன. முடியில் மட்டும் படத்துக்குப் படம் மாறுகின்றன. சில கருவிகள் விளிம்பு நிறத்தையும் ஓரளவு திருத்தித் தருகின்றன. சில வெறும் மாஸ்க்கோடு நிறுத்திக்கொள்கின்றன. எது எப்படி என்று அறிய ஒரே சோதனை போதும்: கிடைத்த படத்தின் கீழே முழுக் கறுப்பில் ஒரு லேயரும், முழு வெள்ளையில் இன்னொரு லேயரும் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். கறுப்பில் வெளிர்க்கோடு தெரிந்தால் நிறம் கழியவில்லை. வெள்ளையில் தொப்பி தெரிந்தால் பறக்கும் முடியே போய்விட்டது.

இன்னும் இரண்டு இடங்களை மறக்காமல் பார்க்க வேண்டும்: கழுத்துக்கும் தொங்கும் முடிக்கும் நடுவே உள்ள சந்து, காதணியின் வளையத்துக்குள் இருக்கும் வெளி. பழைய சுவர் அங்கே ஒளிந்துகொண்டு அப்படியே போஸ்டருக்கு வந்துவிடும். இலவசச் சேவைகள் சில சிறிய அளவில்தான் படத்தைத் திருப்பித் தரும் என்பதையும் கவனியுங்கள். திரையில் நன்றாகத் தெரிவது அச்சில் உடைந்துபோகும்.

தலை சிறியதாக வரும் போஸ்டர், குட்டையாக வெட்டிய அல்லது இறுக்கி வாரிய முடி, வெளிர் பின்னணியிலிருந்து வெளிர் பின்னணிக்குப் போகும் படம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் கருநீலப் போஸ்டருக்கு இது தொடக்கம் மட்டுமே.

`Select and Mask`, அதன்மேல் நிறம் பூசுதல்

என் கை முதலில் போவது இதற்குத்தான். ஃபோட்டோஷாப்பில் `Select Subject` கொடுத்து ஆளைத் தேர்ந்துகொண்டு, `Select and Mask` உள்ளே போய், முடியின் விளிம்பில் மட்டும் `Refine Edge Brush` ஓட்ட வேண்டும். தூரிகை பாதி முடியிலும் பாதி சுவரிலும் படுகிற மாதிரி பெரிதாக இருக்கட்டும். முகத்தின் பக்கமோ தோளின் பக்கமோ அதைக் கொண்டுபோனால் தோல் ஓட்டையாகும். பார்வையை `On Black` என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. போஸ்டர் இருண்டது என்றால் குறை அங்கேதான் முதலில் தெரியும்.

கடைசியில் `Decontaminate Colors` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் சுவரின் நிறத்தைக் கழிக்கும் முயற்சி. உள்ளே இருக்கும் முடியின் நிறத்தை வெளியே விளிம்பு வரை இழுத்துவிடுகிறது. அடர்ந்த முடியில் நன்றாக வேலை செய்யும். காது, நெற்றி, கழுத்து ஆகிய இடங்களில் அருகில் இருப்பது தோல் என்பதால், தோல் நிறத்தையே முடிக்கும் இழுத்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். நெற்றி ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கறை போல வரும். இந்தப் பெட்டி பிக்சல்களையே மாற்றுகிறது என்பதால் விளைவு தனி லேயராகத்தான் வெளிவரும். அசல் லேயரை அழிக்காமல் வைத்திருங்கள்.

அந்தப் பெட்டியைத் தொடாமல், நானே பூசுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வெட்டிய லேயரின் மேல் ஒரு புது லேயர் போட்டு, அதை `Create Clipping Mask` மூலம் கீழ் லேயரோடு கட்டிவிடுங்கள். `Alt` அழுத்தி, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும் அடர்ந்த முடியின் நிறத்தை எடுத்து, மென்மையான தூரிகையால் விளிம்பு முழுக்கப் பூசுங்கள். ஒரே நிறத்தைப் பூசினால் இழைகள் காணாமல் போகாதா என்று தோன்றும். போகாது. இழைகளின் வடிவத்தை வைத்திருப்பது மாஸ்க். நாம் மாற்றுவது நிறத்தை மட்டும். மேலே போட்ட கணக்கில் 163 இருந்த இடத்தில் 30-ஐ வைக்கிறோம், பங்கு அதே 0.3. கருநீலத்தின் மேல் விடை 37. வெளிர்க்கோடு அந்த இடத்திலேயே அணைந்துவிடும்.

முடி முழுக்க ஒரே நிறம் அல்ல என்பதால், உச்சந்தலையில் ஒரு மாதிரி, காதருகே ஒரு மாதிரி, தோளில் விழும் நுனியில் ஒரு மாதிரி என்று மூன்று நான்கு இடங்களில் நிறத்தை மாற்றி எடுத்துக்கொண்டால் போதும். பின்னால் இருந்து விளக்கு அடித்திருந்தால் முடியின் ஓரம் நிஜமாகவே மினுங்கும். அதையும் கறுப்பால் மூடிவிடாதீர்கள். இருண்ட போஸ்டரில் அந்த மினுங்கல்தான் தலையைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். மினுங்கல் எது, சுவர் ஒட்டியது எது என்று எப்படித் தெரியும்? மினுங்கல் ஒரு பக்கம் மட்டும், விளக்கு இருந்த பக்கம், இழை இழையாக இருக்கும். ஒட்டிய சுவர் தலையைச் சுற்றிலும் ஒரே அளவில் இருக்கும்.

சேனல் வழியாக மாஸ்க்

பழைய முறைதான், ஆனால் சமமான பின்னணியில் எடுத்த படத்துக்கு இதைவிட நேர்மையான மாஸ்க் கிடைப்பது கடினம். ஏனென்றால் முடியின் இழைகளை இங்கே கருவி ஊகிப்பதில்லை. படத்திலேயே இருக்கிற வெளிச்சத்தை அப்படியே மாஸ்க்காக மாற்றுகிறோம்.

`Channels` பலகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முடிக்கும் சுவருக்கும் வேறுபாடு எதில் அதிகமோ அதை நகல் எடுங்கள். வெளிர் சுவர், கறுத்த முடி என்றால் பெரும்பாலும் நீலம் வெல்லும்; பழுப்பு கலந்த முடியும் அதில் கறுப்பாக விழும். நகலில் `Levels` கொடுத்துச் சுவரை வெள்ளைக்கும் முடியை கறுப்புக்கும் தள்ளுங்கள். பிறகு `Dodge` கருவியை `Highlights` என்று வைத்துச் சுவரில் மிச்சமிருக்கும் சாம்பலை வெளுக்க வேண்டும். `Burn` கருவியை `Shadows` என்று வைத்து முடியின் உட்பகுதியைக் கறுப்பாக்க வேண்டும். உடம்பின் உள்பக்கத்தைத் தூரிகையால் கறுப்பாக நிரப்பி, `Ctrl+I` கொடுத்துத் தலைகீழாக்கினால் மாஸ்க் தயார்.

எல்லோரும் தவறுவது `Levels` போடும் இடத்தில். சுவர் பளிச்சென்று வெளுக்கும் வரை இழுத்தால், இழைகளில் இருந்த சாம்பலும் சேர்ந்து போய்விடும். அந்தச் சாம்பல்தான் 0.3 என்ற பங்கு. அது இல்லாமல் மீதி நிற்கும் முடி கம்பி மாதிரி முரட்டு விளிம்போடு தெரியும். சுவரில் கொஞ்சம் அழுக்கு மிஞ்சினாலும் பரவாயில்லை. இழைகளின் சாம்பலைக் காப்பாற்றுங்கள்.

இந்த முறை பங்கை மட்டும்தான் தருகிறது, நிறத்தைக் கழிப்பதில்லை. ஆகவே மேலே சொன்ன பூச்சு இதற்கும் வேண்டும். சுவருக்குப் பதில் மரங்களோ அலமாரியோ பின்னால் இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். முடியும் இலையும் ஒரே சாம்பலாக விழும்.

வெட்டாமலே வைப்பது: `Multiply`, `Color to Alpha`

வெளிர் சுவரில் எடுத்த கறுத்த முடிக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இன்னும் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. படத்தின் நகலைப் போஸ்டரின் மேல் போட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை `Multiply` என்று வைத்து, `Levels` மூலம் சுவரை முழு வெள்ளைக்குக் கொண்டுபோனால், சுவர் மறைந்து முடி மட்டும் போஸ்டரின் மேல் விழும். முகமும் உடலும் அந்த லேயரில் போஸ்டரின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், மேலே இன்னொரு நகலைச் சாதாரண முறையில் வைத்து, முடியின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கிற மாதிரி மாஸ்க் போட வேண்டும். இழைகளைக் கீழ் லேயர் பார்த்துக்கொள்ளும். ஆளை மேல் லேயர் பார்த்துக்கொள்ளும்.

கணக்கு என்ன சொல்கிறது? 220 சுவரை 255 ஆக்கினால் 163 என்பது 189 ஆகிறது. 210 அளவுள்ள வெளிர் மஞ்சளோடு பெருக்கினால் 156. வர வேண்டியதும் அதே 156. முடிக்கு மாஸ்க்கே போடாமல் இந்தத் துல்லியம்! கருநீலத்தில் 30 வரும், வர வேண்டியது 37. கொஞ்சம் கூடுதலாக இருளும். ஆனால் வெளிர்க்கோடு தோன்ற வழியே இல்லை. ஏனென்றால் பெருக்கல் எதையும் வெளுப்பாக்காது.

குறை இரண்டு. சுவர் சமமாக வெளுத்திருக்க வேண்டும். தலைக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருந்தால் அந்த நிழலும் போஸ்டருக்கு வந்து உட்காரும். இன்னொன்று, இது போஸ்டர் கோப்புக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை. தனியாக ஒரு பிஎன்ஜி படம் வேண்டும் என்று கேட்பவருக்கு `Multiply` லேயரை அனுப்ப முடியாது.

கிம்ப் மென்பொருளில் இருக்கும் `Color to Alpha` அந்தக் குறையைத் தீர்க்கிறது. `Colors` பட்டியலில் அதைத் திறந்து சுவரின் நிறத்தைக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் அந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அதைக் கழித்து, மீதியை ஒளிபுகும் படமாகத் தருகிறது. மேலே எழுதிய சமன்பாட்டைத் தலைகீழாகப் போடுவதுதான் இது. நம் 163 பிக்சலுக்குப் பங்கு 0.26, நிறம் முழுக் கறுப்பு என்று பிரிக்கும். கருநீலத்தில் வைத்தால் அதே 30. `Multiply` தரும் விளைவுதான். ஆனால் கையில் எடுத்துக்கொடுக்கக்கூடிய பிஎன்ஜியாக. `Transparency threshold`-ஐக் கொஞ்சம் ஏற்றினால் சுவரில் இருக்கும் புள்ளிகள் ஒழியும். `Opacity threshold`-ஐக் குறைத்தால் முடியின் உட்பகுதி கெட்டியாகும். முகத்துக்கு மாஸ்க் போட்ட நகல் மேலே வேண்டும் என்பது இங்கும் உண்டு. வெளிர்ச் சட்டையும் தோலும் பாதி கரைந்து போயிருக்கும்.

நரைத்த முடியைக் கறுப்புப் பின்னணியில் எடுத்திருந்தால் எல்லாம் தலைகீழ்: `Multiply`-க்குப் பதில் `Screen`, `Color to Alpha`-வில் கறுப்பைக் காட்ட வேண்டும்.

படம் சிறியதாக வந்திருந்தால்

செய்தி செயலி வழியாகச் சுருங்கி, நீளப் பக்கம் 1600 பிக்சலாக ஒரு முழு உருவப் படம் வந்திருக்கிறது என்று வையுங்கள். இப்போது ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. தலையின் அகலமே 140 பிக்சல்தான். முடியிழை என்ற ஒன்று படத்தில் இல்லவே இல்லை. இதில் எந்தக் கருவியை ஓட்டினாலும் அது தேடுகிற பொருள் அங்கே கிடையாது. போதாததற்கு ஜேபெக் சுருக்கம் நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால், சுவரின் நிறம் முடிக்குள்ளும் முடியின் நிறம் சுவருக்குள்ளும் கசிந்திருக்கும்.

முதல் வேலை அசல் கோப்பைக் கேட்டு வாங்குவது. கிடைக்காவிட்டால் விளிம்பை மென்மையாக, சற்று உள்ளே வெட்டிவிட்டு, தனி லேயரில் முடியை வரைவதே மேல். ஒன்று முதல் மூன்று பிக்சல் தூரிகை, அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் குறையும் அமைப்பு. வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. பறக்கும் திசை அசல் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். பத்து இருபது இழைகள் போதும். அதற்கு மேல் போனால் பொய் தெரிந்துவிடும்.

நம் படத்துக்கு எது

வெளிர் சுவர், கறுத்த அலைமுடி, கருநீலப் போஸ்டர். அசல் கோப்பு கையில் இருக்கிறது என்று கொள்வோம்.

போஸ்டர் கோப்பு உங்களிடமே இருந்து, சுவரும் சமமாக வெளுத்திருந்தால் `Multiply` போதும். மற்றவற்றைத் தேட வேண்டாம். உள் மாஸ்க் நிற்கும் கோட்டை மட்டும் கவனமாக வையுங்கள். அது வெளியே தள்ளிப் போனால் வெளிர்க்கோடு மறுபடி வரும். மிகவும் உள்ளே போனால் முடியின் ஓரம் நீலம் பூசிக்கொள்ளும்.

படத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதை எந்தப் பின்னணியில் வைப்பார்கள் என்று தெரியாது என்றால் நான் `Select and Mask` செய்து நிறம் பூசுவதையே தேர்ந்தெடுப்பேன். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் முடியின் உண்மையான நிறம் அதில்தான் மிஞ்சுகிறது. `Color to Alpha` இழைகளை உண்மையைவிடக் கறுப்பாக்கிவிடுவதால், பழுப்பு முடி உள்ளவருக்கு ஓரம் மட்டும் கறுத்துத் தெரியும். சுவரில் நிழலோ நிறமாற்றமோ இருந்தாலும் பூச்சுதான் கைகொடுக்கும்.

சோதிக்கும்போது 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 100 சதவீதத்தில், கறுப்பு, வெள்ளை, போஸ்டரின் நிறம் என்று மூன்று லேயர்களின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் கோடு தெரியாவிட்டால் அந்தப் படம் எங்கும் நிற்கும். கருநீலத்தில் மட்டும் சரியாக இருந்து வெள்ளையில் ஓரம் அழுக்காகத் தெரிந்தால், அந்தப் போஸ்டருக்கு அதுவே போதும். வேறு எதற்கும் அந்தக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம். அதில் ஒளிபுகும் பகுதி நிற்காது, பின்னணி வெள்ளையாக நிரம்பிவிடும். திரைக்குப் பிஎன்ஜி. அச்சகம் சிஎம்ஒய்கே கேட்டால் பிஎன்ஜியால் அதைத் தர முடியாது. லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கிற பிஎஸ்டி அல்லது டிஃப் கோப்பாக அனுப்புங்கள். போஸ்டரின் நீலத்தைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னால், பூச்சு லேயரைத் திறந்து ஓரத்தை இன்னொரு முறை தொட்டுவிட அதில் இடம் இருக்கும்.